மேனேஜர் மெயிலில் திட்டியிருக்கிறார், சிசியில் சிஎஃப்ஓ, ஹெச்ஆர் எல்லாரும். எழுத்தில் எப்படிப் பதில் சொல்வது?

லெட்ஜர்ராணி | வெள்ளி இரவு 9:42

ஒரகடம் பக்கம் ஒரு பாகங்கள் தயாரிக்கும் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ். மூன்று வருஷம் ஆகிறது. விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதத்து வரி ரிட்டர்ன், ஜிஎஸ்டிஆர்-3பி, 20ஆம் தேதி வியாழக்கிழமைக்குள் போயிருக்கணும். இன்று 21, காலை 10:50க்குத்தான் போனது. பணமாகக் கட்ட வேண்டியது 4,80,000 ரூபாய். 18ஆம் தேதி காலை 11:40க்கே சலான் போட்டு, பேங்க் போர்ட்டலில் பதிவு போடும் மேக்கராக ஏற்றி, அதை அனுமதிக்கும் செக்கர் அவர் என்பதால் அப்ரூவல் வேண்டும் என்று மேனேஜருக்கு மெயிலும் அனுப்பினேன். 19 சாயங்காலம் டீம்ஸில் ஒரு நினைவூட்டல். அவர் ஆடிட் வேலையில் இருந்தார். அப்ரூவ் ஆனது இன்று காலை 10:05க்கு.

என் பக்கத் தப்பும் உண்டு. ஒர்க்கிங் ஷீட்டை 15க்குள் தரணும், 17க்குத்தான் தந்தேன். ஒரு சப்ளையர் இன்வாய்ஸ், சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் 2பி பட்டியலோடு ஒத்துப்போகவில்லை, அதைக் கடைசியில்தான் கவனித்தேன்.

இன்று மாலை 6:20க்கு இந்த மெயில். டூவில் நான் மட்டும். சிசியில் சிஎஃப்ஓ, ஹெச்ஆர் ஹெட், பிளான்ட் ஹெட், என் டீமில் இரண்டு பேர், வெளியிலிருக்கும் எங்கள் ஆடிட்டர் ஆபீஸ். இங்கிலீஷில் வந்தது, தமிழில் தருகிறேன்:

> உங்களுக்கு அடிப்படை அறிவுகூட இல்லை என்று தெரிகிறது. மூன்று வருஷமாக எதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று புரியவில்லை. காலேஜ் பசங்களே இதைவிட நன்றாகச் செய்வார்கள். உங்கள் அலட்சியத்தால் ரிட்டர்ன் தாமதமாகி கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். திங்கள் மதியத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.

கை நடுங்குகிறது. பதில் போடணுமா, எல்லாருக்கும் போடணுமா, என்ன எழுதணும்?

---

காரசேவு | வெள்ளி இரவு 9:58

போடுங்க, எல்லாருக்கும் போடுங்க. "சார், அப்ரூவல் உங்க இன்பாக்ஸ்ல மூணு நாள் தூங்குச்சு"ன்னு ஒரே வரி. 18ஆம் தேதி மெயிலை அட்டாச் பண்ணுங்க. முடிஞ்சுது கதை.

---

பழைய_பைல் | வெள்ளி இரவு 10:20

அந்த ஒரு வரி நாளைக்குக் காலை இனிக்கும், திங்கட்கிழமை கசக்கும். "தூங்குச்சு" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு "இவர்களுக்கு மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை" என்று அடுத்த மெயில் வரும். அப்புறம் அப்ரூவல் தேதியை யாரும் பேச மாட்டார்கள். பேச்சு உங்கள் நாக்கைப் பற்றியதாகிவிடும்.

லெட்ஜர்ராணி, இன்றிரவு பதில் வேண்டாம். திங்கள் மதியம் வரை கெடு கொடுத்திருக்கிறார், அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் பதில் போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசி வரியில் "எழுத்துமூலம் விளக்கம்" என்று இருக்கிறதே, மற்றவற்றை விட அதுதான் கனமானது. பின்னால் ஏதாவது நடவடிக்கை என்று வந்தால், "விளக்கம் கேட்டோம், தரவில்லை" என்ற ஒரு வரி ஃபைலில் ஏறும்.

இப்போதைக்கு ஒரு வேலை. மெயிலை நோட்பேடில் ஒட்டுங்கள். தேதியோ தொகையோ கோரிக்கையோ ஒரு செயலோ இல்லாத வாக்கியங்களை அழித்துக்கொண்டே வாருங்கள். முதல் மூன்று வாக்கியமும் போய்விடும். அடிப்படை அறிவு, சம்பளம், காலேஜ் பசங்கள் எதற்கும் பதில் கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. "எனக்கு அறிவு இருக்கிறது" என்று எழுதி நிரூபிக்க முடியுமா? மிச்சம் இரண்டு வரி: தாமதம், அதனால் நஷ்டம், விளக்கம் வேண்டும். உங்கள் பதில் இந்த இரண்டு வரிக்குத்தான்.

---

சோழிங்கநல்லூர்வாசி | வெள்ளி இரவு 10:34

முதல்ல அந்த மெயிலையும் 18ஆம் தேதி மெயிலையும் உங்க பெர்சனல் ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் பண்ணிடுங்க. நாளைக்கு ஐடி டீம் அழிச்சிட்டா ஆதாரம் போச்சு.

இன்னொண்ணு, டிராஃப்ட் எழுதும்போது டூ கட்டத்தைக் காலியா வைங்க. எழுதி முடிச்சு கடைசியிலதான் முகவரி. பாதியில என்டர் தட்டி அனுப்பிட்டவங்க நிறைய. ஜிமெயில்ல அனுப்பினதை நிறுத்த அதிகபட்சம் 30 செகண்ட் தான். அவுட்லுக்ல ரீகால் இருக்கு, ஆனா அது உங்க கம்பெனிக்குள்ள இருக்கிற மெயில்பாக்ஸ்ல மட்டும்தான் வேலை செய்யும். ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனது போனதுதான்.

---

பழைய_பைல் | வெள்ளி இரவு 10:51

டூ கட்டம் காலியாக இருக்கட்டும் என்பது நல்ல யோசனை. ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பல கம்பெனிகளில் வெளி முகவரிக்குப் போகும் மெயில் பதிவாகும். உங்கள் மெயிலில் வரித் தொகை, பேங்க் விவரம் எல்லாம் இருக்கிறது. இன்று உங்கள் மேல் இருப்பது ஒரு நாள் தாமதம். நாளைக்கு அது "கம்பெனித் தகவலை வெளியே அனுப்பினார்" என்று ஆனால் அதற்கு விளக்கம் எழுதுவது கஷ்டம்.

பதிலுக்கு ஒரு டைரியில் கையால் எழுதி வையுங்கள்: எந்த மெயில், எந்தத் தேதி, எத்தனை மணி, சப்ஜெக்ட் என்ன, யார் யார் சிசியில். அது உங்கள் சொந்தக் குறிப்பு. மெயில் எங்கே இருக்கிறது என்று நாளைக்குத் துல்லியமாகச் சொல்லிக் கேட்க அது போதும். அதைவிடப் பலமான சேமிப்பு, நீங்கள் அனுப்பப்போகும் பதிலிலேயே பழைய மெயிலை இணைப்பது. சிஎஃப்ஓ மெயில்பாக்ஸிலும் ஹெச்ஆர் மெயில்பாக்ஸிலும் ஒவ்வொரு பிரதி உட்கார்ந்துவிடும்.

---

மதுரை_டீச்சர் | வெள்ளி இரவு 11:15

எங்க டிபார்ட்மென்ட்ல இதெல்லாம் மெயில்ல வராது, நேரா 17(அ) மெமோ. வாங்கினதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, சங்கத்துல காட்டிட்டுதான் விளக்கமே எழுதுவோம். நீங்களும் வக்கீல்கிட்ட காட்டாம ஒரு வரிகூட எழுதாதீங்க.

---

பழைய_பைல் | வெள்ளி இரவு 11:28

டீச்சர், உங்களுக்கு வருவது தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் கீழ் வரும் குற்றச்சாட்டு மெமோ. அதில் குற்றச்சாட்டு வரையறுத்து எழுதப்பட்டிருக்கும், பதிலும் அதே வரிசையில் போகும். இவருக்கு வந்தது கோபத்தில் தட்டிய மெயில். இதற்கு வக்கீல் நோட்டீஸ் தோரணையில் பதில் போனால், சண்டை இல்லாத இடத்தில் சண்டையைத் தொடங்கியது இவர் என்றாகிவிடும். ஆனால் இதே விஷயத்துக்கு ஹெச்ஆர் லெட்டர்ஹெட்டில், "ஏன் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது" என்ற வாசகத்தோடு ஒன்று வந்தால் அது வேறு. அப்போது நீங்கள் சொல்வதுதான் சரி, ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் எழுதணும்.

---

சட்டம்_கொஞ்சம் | சனி காலை 7:05

இது நேரடி அவதூறு. ஆறு பேர் முன்னால் "அறிவில்லை" என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார். பாரதிய நியாய சம்ஹிதா பிரிவு 356, பழைய ஐபிசி 499, 500. பதில் மெயிலிலேயே இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள், பயந்துவிடுவார்.

---

பழைய_பைல் | சனி காலை 8:40

பிரிவு எண் சரி. அந்தப் பிரிவில் விதிவிலக்குகள் இருக்கின்றன, அவற்றையும் படிக்கணும். சட்டப்படி ஒருவர் மேல் அதிகாரம் உள்ளவர், அந்த அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் நல்லெண்ணத்தோடு கண்டித்தால் அது அவதூறு ஆகாது என்று ஒரு விதிவிலக்கு. துறைத் தலைவர் கீழே உள்ளவரைக் கண்டிப்பதையே அதற்கு உதாரணமாகச் சட்டத்தில் கொடுத்திருக்கிறார்கள். இந்த மெயிலில் நல்லெண்ணம் இருந்ததா என்று வாதாடலாம், ஆனால் அது கோர்ட்டில், வருஷக்கணக்கில். 287 ரூபாய் விஷயத்துக்குப் பதில் மெயிலில் பிரிவு எண்ணை எழுதினால், அதற்குப் பிறகு அந்த மெயிலைக் கையாளப்போவது கம்பெனி வக்கீல், சிஎஃப்ஓ அல்ல.

ஒன்று மட்டும் தனி. மெயிலில் சாதியைச் சொல்லித் திட்டியிருந்தாலோ, பெண் என்பதை வைத்து ஆபாசமாக எழுதியிருந்தாலோ, இந்த இழையில் சொல்வது எதுவும் பொருந்தாது. இரண்டாவது வகைக்குக் கம்பெனியின் உள்ளகக் குழு இருக்கிறது, புகாரை மூன்று மாதத்துக்குள் தரணும். இவருடைய மெயிலில் அப்படி எதுவும் தெரியவில்லை.

---

காரசேவு | சனி காலை 8:52

287 எங்கேருந்து வந்துச்சு?

---

வரித்தாள் | சனி காலை 9:30

நான் சொல்கிறேன். ஒரு நாள் தாமதம். வட்டி வருஷத்துக்கு 18 சதவீதம்: 4,80,000 × 18 ÷ 100 ÷ 365 = 236.71, அதாவது 237 ரூபாய். தாமதக் கட்டணம் நாளுக்கு 50, மத்திய ஜிஎஸ்டிக்கு 25, மாநிலத்துக்கு 25. மொத்தம் 287. "பெரிய நஷ்டம்" இதுதான்.

கஸ்டமர்களுக்குப் பாதிப்பு உண்டா என்றும் சிஎஃப்ஓ யோசிப்பார். விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 சரியாக 11க்குள் போயிருந்தால் அவர்கள் 2பியில் இன்வாய்ஸ் வந்திருக்கும், இந்த ஒரு நாளால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. லெட்ஜர்ராணி, அது நேரத்துக்குப் போனதா?

ஒரு விவரம் கூடுதலாக. பணம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி போர்ட்டலில் கம்பெனியின் பணக் கணக்கான எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜரில் வந்து சேர்ந்திருந்தால், ரிட்டர்ன் 21க்குப் போயிருந்தாலும் அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. 2024 ஜூலையில் விதி 88பியில் அப்படித் திருத்தினார்கள். ஆக அந்த 237 ரூபாய் முழுக்க அப்ரூவல் தாமதத்தால் வந்தது. இதை மெயிலில் எழுதச் சொல்லவில்லை, யாராவது கேட்டால் கையில் இருக்கட்டும்.

---

லெட்ஜர்ராணி | சனி காலை 10:12

ஜிஎஸ்டிஆர்-1 பத்தாம் தேதியே போய்விட்டது. 287 என்று பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது. "வெறும் 287 ரூபாய்தான் நஷ்டம்" என்று எழுதலாமா?

---

வரித்தாள் | சனி காலை 10:20

"வெறும்", "தான்" இரண்டையும் எடுத்துவிடுங்கள். எண் மட்டும் போதும். "வெறும்" என்று போட்டால் தாமதத்தை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம் பண்ணுவார்கள். அது சிறிய தொகை என்பது சிஎஃப்ஓவுக்குத் தானாகத் தெரியும்.

---

புது_டீம்லீட் | சனி காலை 10:47

நல்ல இழை. எனக்கும் இதே சந்தேகம். ஜூனியர் பையன் ஒருத்தன் அடிக்கடி தப்புப் பண்றான். கண்டிச்சு மெயில் போடும்போது ஹெச்ஆரை சிசியில வைக்கணுமா, பிசிசியில வைக்கணுமா?

---

காரசேவு | சனி காலை 10:49

அண்ணே, நீங்க இழையோட மறுபக்கம் உக்காந்திருக்கீங்க 😄

---

பழைய_பைல் | சனி காலை 11:05

இரண்டிலும் வேண்டாம். முதல் தடவை நேரில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பிறகு "இன்று பேசியபடி" என்று அவருக்கு மட்டும் நாலு வரி. பிசிசியில் ஆள் வைத்தால், அந்த ஆள் தெரியாமல் ரிப்ளை ஆல் தட்டிய நிமிஷம் நீங்கள் ஒளித்து வைத்தது ஊருக்கே தெரியும்.

லெட்ஜர்ராணிக்கு வருகிறேன். யாருக்கு அனுப்புவது என்பது கொஞ்சம் நுணுக்கம். மேனேஜருக்கு மட்டும் பதில் போட்டால், சிசியில் இருந்த மற்றவர்களுக்கு இன்று வரை தெரிந்த கடைசித் தகவல் "இவர் அலட்சியம்" என்பதாகவே நிற்கும். அதனால் குற்றச்சாட்டைப் படித்தவர்கள் விளக்கத்தையும் படிக்கணும்: சிஎஃப்ஓ, ஹெச்ஆர், பிளான்ட் ஹெட். புதிதாக ஒருவரையும் சேர்க்காதீர்கள். எம்.டி.யைச் சேர்க்கணும் என்று கை பரபரக்கும். அதைச் செய்தால், அவர் செய்த அதே காரியத்தை நீங்களும் செய்தவர் ஆவீர்கள்.

ஆடிட்டர் ஆபீஸை எடுத்துவிடுங்கள். உள்வீட்டு விஷயம் வெளியே தொடர வேண்டாம். முதல் வரியில் "வெளி முகவரியை இந்தப் பதிலிலிருந்து நீக்கியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும். இந்த ஒரு வரியை ஹெச்ஆர் கவனிப்பார்கள், வெளியாளை வைத்துத் திட்டியது யார் என்ற கேள்வி அவர்கள் மனதில் தானாக வரும்.

சப்ஜெக்டை மாற்றாதீர்கள். மாற்றினால் ஜிமெயிலில் அது புது உரையாடலாகப் பிரிந்துவிடும். பழைய மெயிலைத் திறக்கிறவருக்கு உங்கள் பதில் கண்ணில் படாது.

---

சோழிங்கநல்லூர்வாசி | சனி மதியம் 12:10

இணைப்பு விஷயத்துல ஒரு டிப். 18ஆம் தேதி மெயிலைக் காப்பி பண்ணி பாடியில ஒட்டாதீங்க. ஒட்டினது எடிட் பண்ணினதான்னு யாரும் கேக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். ஜிமெயில்னா அந்த மெயிலைத் தேர்ந்தெடுத்து `Forward as attachment`. டெஸ்க்டாப் அவுட்லுக்னா அனுப்பின மெயிலை எழுதிட்டிருக்கிற மெயில்மேல இழுத்துப் போடுங்க, முழு மெயிலாவே ஒட்டிக்கும். நேரம், முகவரி எல்லாம் அப்படியே இருக்கும். ரிப்ளை ஆல் பண்ணும்போது பழைய அட்டாச்மென்ட் கூட வராது, அதனால அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கும்னு நினைச்சுடாதீங்க.

ஜிமெயில் ஃபார்வர்ட் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

---

லெட்ஜர்ராணி | சனி மாலை 4:30

முதல் டிராஃப்ட். திட்டாதீர்கள்.

> சார், உங்கள் மெயிலைப் படித்து மிகவும் மனவேதனை அடைந்தேன். மூன்று வருஷமாக விடுமுறை நாளிலும் வேலை செய்திருக்கிறேன். ஏற்கெனவே தெரிவித்தபடி, 18ஆம் தேதியே சலானை உங்கள் அப்ரூவலுக்கு அனுப்பிவிட்டேன், நீங்கள்தான் 21 வரை அப்ரூவ் செய்யவில்லை. ஏற்பட்ட அனைத்துத் தாமதத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி இப்படி நடக்காது.

---

பழைய_பைல் | சனி மாலை 5:15

திட்டவில்லை. ஆனால் இந்த ஐந்து வரியில் நாலு இடம் உங்களுக்கே எதிராக வேலை செய்கிறது.

மனவேதனை, விடுமுறை நாள் வேலை: இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் எல்லாரும் படிக்கும் மெயிலில் அது கெஞ்சல் மாதிரி தெரியும். பிளான்ட் ஹெட் அந்த வரியிலேயே படிப்பதை நிறுத்திவிடுவார்.

"ஏற்கெனவே தெரிவித்தபடி": ஆபீஸ் இங்கிலீஷில் இது ஊசி. "நீ படிக்கவில்லை" என்று சொல்வதற்கு மரியாதையான வழி என்று எல்லாருக்கும் தெரியும். "ப்ளீஸ் நோட்", "கைண்ட்லி நோட்" இரண்டும் அதே ஜாதி. தேதியைச் சொன்னால் போதும்.

"நீங்கள்தான் அப்ரூவ் செய்யவில்லை": செய்தி சரி, வாக்கியம் தப்பு. "அப்ரூவல் 21 காலை 10:05க்கு ஆனது" என்று எழுதுங்கள். செக்கர் யார் என்பது அந்த மெயிலைப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும்.

"அனைத்துத் தாமதத்துக்கும் மன்னிப்பு": இதுதான் ஆபத்து. அப்ரைசலில் யாராவது இந்த மெயிலை எடுத்தால், மேலே எழுதின தேதிகளையெல்லாம் விட்டுவிட்டு இந்த வரியைத்தான் காட்டுவார்கள். உங்கள் தப்பு இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் பொறுப்பு எடுங்கள், காரணத்தோடு. "இனி நடக்காது" என்பதும் உங்களால் கொடுக்க முடியாத வாக்கு, அப்ரூவல் உங்கள் கையில் இல்லையே. என்ன மாற்றம் செய்வீர்கள் என்று சொல்லுங்கள்.

---

காரசேவு | சனி மாலை 5:31

ஒர்க்கிங் ஷீட் தப்பை ஏன் ஒத்துக்கணும்? 17க்குக் குடுத்தும் 18க்குச் சலான் ரெடி. தாமதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒத்துக்கிட்டா ஹெச்ஆர் ஃபைல்ல அது மட்டும்தான் நிக்கும். அப்புறம் இந்த "ஆனது, போனது" எழுத்து எனக்குப் பிடிக்கல. யார் பண்ணினாங்கன்னு சொல்ல ஏன் பயம்?

---

வரித்தாள் | சனி மாலை 6:02

ஒத்துக்கொள்வது நல்லது என்பது என் கணிப்பு. நீங்கள் சொல்லாவிட்டால் மேனேஜர் அடுத்த மெயிலில் "ஷீட்டே இரண்டு நாள் லேட்" என்று எடுப்பார். அப்போது நீங்கள் மறைத்தது போல் ஆகும். நீங்களே முதலில் சொன்னால் அவர் கையில் ஒன்றும் இருக்காது, மற்ற தேதிகளையும் படிப்பவர்கள் நம்புவார்கள்.

"ஆனது" எழுத்தைப் பற்றி காரசேவு சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மேனேஜர் புதுசு, செக்கர் யாரென்று சிஎஃப்ஓவுக்கே தெரியாது என்ற இடத்தில் அது மழுப்பலாகிவிடும். இங்கே இணைப்பில் பெயர் வருகிறது, அதனால் பரவாயில்லை.

---

பழைய_பைல் | ஞாயிறு காலை 9:10

என் டிராஃப்ட். அனுப்பப்போவது இங்கிலீஷில், அதனால் வாக்கியங்களைச் சின்னதாக வைத்திருக்கிறேன்.

> வணக்கம் சார்,
>
> நீங்கள் கேட்ட விளக்கம் கீழே. வெளி முகவரியை இந்தப் பதிலிலிருந்து நீக்கியிருக்கிறேன்.
>
> ஜிஎஸ்டிஆர்-3பி கெடு 20. தாக்கல் ஆனது 21 காலை 10:50. இதற்கான வட்டி ரூ.237, தாமதக் கட்டணம் ரூ.50, மொத்தம் ரூ.287. ஜிஎஸ்டிஆர்-1 பத்தாம் தேதி தாக்கல் ஆனதால் கஸ்டமர்களின் கிரெடிட்டில் பாதிப்பு இல்லை.
>
> ஒர்க்கிங் ஷீட்டை 15க்குப் பதில் 17 அன்று தந்தேன். ஒரு சப்ளையர் இன்வாய்ஸ் 2பியுடன் ஒத்துப்போகாததை நான் தாமதமாகக் கண்டேன். இந்த இரண்டு நாள் என் பொறுப்பு.
>
> சலான் 18 காலை 11:40க்கு பேங்க் போர்ட்டலில் ஏற்றப்பட்டு அப்ரூவலுக்கு அனுப்பப்பட்டது (இணைப்பு 1). 19 அன்று டீம்ஸில் நினைவூட்டினேன். அப்ரூவல் 21 காலை 10:05க்கு ஆனது (இணைப்பு 2, போர்ட்டல் பதிவு).
>
> அடுத்த மாதம் முதல் 2பி ஒப்பீட்டை 14ஆம் தேதி அது வந்தவுடன் தொடங்குவேன். 19 மதியம் 12 மணிக்குள் அப்ரூவல் ஆகாவிட்டால் போனில் சொல்வேன். அன்று நீங்கள் வெளியில் இருந்தால் இரண்டாவது செக்கருக்கு அனுப்ப உங்கள் அனுமதி வேண்டும்.

ஐந்து பத்திதான். ஒரு போன் திரையில் இரண்டு தடவை தள்ளினால் முடிந்துவிடும், அதற்கு மேல் போனால் சிஎஃப்ஓ படிக்க மாட்டார். நஷ்டம் எவ்வளவு என்பதை முதலிலேயே வைத்ததற்குக் காரணம், சிஎஃப்ஓவுக்கு வரும் முதல் கேள்வி அதுதான். கடைசி வரி அனுமதி கேட்பது. அதற்கு அவர் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். உங்களைத் திட்டுவது அதற்குப் பதில் ஆகாது.

20ஆம் தேதி நீங்கள் போன் பண்ணவில்லை என்பது இதில் ஒப்புதலாக இல்லை, திருத்தமாக இருக்கிறது. நேரடியாகக் கேட்டால் "பண்ணவில்லை" என்று சொல்லுங்கள்.

---

லெட்ஜர்ராணி | ஞாயிறு காலை 10:25

நன்றி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கேள்வி. டீம் பசங்கள் இரண்டு பேரையும் சிசியில் வைக்கவா? "அடிப்படை அறிவு" என்றதற்கு ஒன்றுமே சொல்லாமல் விடுவதா?

---

பழைய_பைல் | ஞாயிறு காலை 11:00

டீமை வைக்கலாம் என்பது என் கருத்து. குற்றச்சாட்டை அவர்கள் முன்னால்தான் படித்துக் காட்டினார்.

இரண்டாவதுக்கு, முதல் மெயில் போய் ஒரு நாள் கழித்து, அவருக்கு மட்டும் மூன்று வரி: "விளக்கம் அனுப்பியிருக்கிறேன். வெள்ளி மெயிலில் என் அறிவு, சம்பளம் பற்றிய வரிகள் டீமும் வெளியாரும் இருந்த மெயிலில் வந்தது எனக்கு வருத்தம். வேலையில் திருத்தம் இருந்தால் எனக்கு நேரடியாகச் சொல்லுங்கள், உடனே சரிசெய்வேன்." விளக்கத்தையும் வருத்தத்தையும் ஒரே மெயிலில் கலக்காதீர்கள். கலந்தால், வருத்தத்துக்கு மட்டும் பதில் வந்து விளக்கம் அமுங்கிவிடும்.

---

வரித்தாள் | ஞாயிறு மதியம் 12:15

இரண்டிலும் நான் உடன்படவில்லை. டீமை எடுத்துவிடலாம், ஜூனியர்கள் படிக்கிறார்கள் என்ற கூச்சமே மேனேஜரை இன்னொரு தடவை பாய வைக்கும். அந்த மூன்று வரியையும் எழுத்தில் வேண்டாம். டீ நேரத்தில் அறைக்குப் போய் நேரில் சொல்லுங்கள். அதே விஷயம் எழுத்தில் போனால் புகார் மாதிரி தெரியும். நேரில் சொன்னால் அவருக்கும் இறங்கி வர ஒரு படி இருக்கும்.

---

பழைய_பைல் | ஞாயிறு மதியம் 12:40

முதல் தடவை என்றால் நேரில் சொல்லலாம். இது மூன்றாவது நாலாவது தடவை என்றால் எழுத்தில் இருக்கணும். பின்னால் ஹெச்ஆரிடம் போகும்போது "எப்போதாவது அவரிடம் சொன்னீர்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். லெட்ஜர்ராணி எத்தனையாவது தடவை என்று சொல்லவில்லை.

---

லெட்ஜர்ராணி | ஞாயிறு இரவு 8:05

எல்லாரையும் வைத்து இது முதல் தடவை. தனியாக நிறைய.

---

லெட்ஜர்ராணி | திங்கள் மாலை 6:48

11:10க்கு அனுப்பினேன். கடைசி நிமிஷத்தில் டீமை எடுத்துவிட்டேன், மற்ற மூன்று பேர் இருந்தார்கள். ஒன்றரை மணிக்கு மேனேஜரிடமிருந்து எல்லாருக்கும் ஒரே வார்த்தை: "நோட்டட்". சிஎஃப்ஓவிடமிருந்து ஒன்றும் இல்லை. "நோட்டட்"க்குப் பதில் போடணுமா? நேரில் போய்ப் பேச இன்னும் தைரியம் வரவில்லை.

---

காரசேவு | திங்கள் மாலை 6:55

அஞ்சு வரி திட்டினவரு ஒரு வார்த்தைக்கு வந்துட்டாரு. விடுங்க.

---

பழைய_பைல் | திங்கள் இரவு 7:30

அந்த இழையில் இனி எழுதாதீர்கள், அது அங்கேயே நிற்கட்டும். ஆனால் இரண்டாவது செக்கர் அனுமதிக்கு "நோட்டட்" பதில் ஆகாது. அடுத்த மாதம் 3ஆம் தேதி வாக்கில் புது சப்ஜெக்டில், அவருக்கும் பேங்க் வேலை பார்ப்பவருக்கும் மட்டும், "20ஆம் தேதிக் கட்டணத்துக்கு இரண்டாவது செக்கராக யாரைப் போடலாம்?" என்று கேளுங்கள். அதில் வெள்ளிக்கிழமை பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம்.